பேரியம் சல்பேட்டாக எடையிட்டு சல்பேட்டைக் காணுதல்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஆய்வகம் வைத்திருப்பதால் என்னிடம் இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். ஒருவகை, எம்.எஸ்ஸி. செய்முறைக்குத் தயாராகும் பிள்ளைகள். இன்னொருவகை, ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் பட்டறை நடத்துகிறவர்கள்; சிமென்ட் மூட்டையோடு வந்து "இதுல சல்பேட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்பார்கள். இருவர் கேட்பதும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்தேன். எடுத்துக்காட்டு முழுவதும் சிமென்ட் மாதிரியை வைத்தே போகிறது. இந்த முறையில் என்னென்ன தவறலாமோ அத்தனையும் சிமென்ட்டில் இருக்கிறது.

சிமென்ட்ல சல்பேட் எங்கிருந்து சார் வருது? அதை ஏன் அளக்கணும்?

பெரும்பகுதி ஜிப்சத்திலிருந்து. கிளிங்கரை அரைக்கும்போது சிமென்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் சேர்க்கிறார்கள். குறைந்தால் பூக்கல் வார்க்கும் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி முடிப்பதற்குள் இறுகும். மிகுந்தால் இறுகிய பிறகும் உள்ளே வினை நடந்து உப்பும், விரிசல் விடும். சிமென்ட் அறிக்கைகளில் இதை SO₃ என்ற கணக்கில்தான் எழுதுவார்கள். சாதாரண சிமென்ட்டில் 2 முதல் 3% வரை பார்க்கலாம்.

செய்முறையைச் சுருக்கமா ஒரு தடவை சொல்லிடுங்க, பிறகு சந்தேகம் கேக்கிறேன்.

சுமார் 1 கிராம் சிமென்ட்டைத் துல்லியமாக எடையிட்டு, 25 மி.லி. குளிர்ந்த நீரில் கட்டி தட்டாமல் கலக்கி, 5 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். 50 மி.லி.க்கு நீர் ஊற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 15 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். கரையாத கசடு தாளில் நிற்கும். அதை வெந்நீரால் கழுவி, கழுவிய நீரையும் சேர்த்து 250 மி.லி. ஆக்குங்கள். கொதிக்க வைத்து, 10% பேரியம் குளோரைடு கரைசல் 10 மி.லி.யைச் சூடாக்கி, துளித்துளியாகக் கலக்கிக்கொண்டே விட வேண்டும்.

சல்பேட் வெள்ளைப் பேரியம் சல்பேட்டாக விழும். பிறகு அதை அப்படியே 12 முதல் 24 மணி நேரம், கொதிக்காத சூட்டில் வைக்க வேண்டும்; டைஜஷன் என்பது இதுதான். அதன்பின் வாட்மன் 42 வடிதாள், வெந்நீர்க் கழுவல், புடக்குகையில் தாளைக் கருக்கி 800 முதல் 900 டிகிரியில் சுடுதல், டெசிகேட்டரில் ஆறவைத்து எடை. வந்த எடையை 34.3ஆல் பெருக்கி, எடுத்த மாதிரியின் எடையால் வகுத்தால் SO₃ சதவீதம். 34.3 என்பது SO₃-யின் 80.06ஐ BaSO₄-இன் 233.39ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கிய எண்.

முதலில் கசடை வடிகட்டும் இடத்தில் சோம்பல் கூடாது. அங்கே தப்பிப் போகும் மணலும் சிலிக்காவும் கடைசியில் பேரியம் சல்பேட்டோடு சேர்ந்து உட்கார்ந்து எடை காட்டும். பார்வைக்கு இரண்டும் வெள்ளை.

பேரியம் குளோரைடு ஊத்தினதும் வெள்ளையா விழுந்துடுச்சே, உடனே வடிகட்டினா என்ன?

விழுந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அது படிகமாக இல்லை, பால் மாதிரி இருக்கிறது. துகள்கள் அவ்வளவு நுண்மை என்பதால் நல்ல தாளையும் தாண்டி வடிநீரில் போய்விடும். பீக்கரின் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பாருங்கள்; ஊற்றிய ஐந்தாவது நிமிடத்தில் எழுத்து தெரியாத பால், மறுநாள் காலை தெளிந்த நீருக்கு அடியில் மணல் மாதிரி படிந்த வெள்ளை அடுக்கு. பீக்கரைச் சாய்த்தால் அந்த அடுக்கு கலங்காமல் மெதுவாக நகரும். நான் தேடும் அடையாளம் அந்த நகர்வுதான்.

இரவு முழுக்க உள்ளே நடப்பது இது. சிறு படிகங்கள் பெரியவற்றைவிடச் சற்று அதிகம் கரையும். கரைந்தது பெரிய படிகத்தின் மேல் மீண்டும் படியும். சின்னது கரைந்து பெரியது வளர்கிறது. கரைந்து மீண்டும் படியும்போது உள்ளே அகப்பட்டிருந்த வேறு உப்புகளில் ஒரு பகுதியும் வெளியேறும். ஆகவே டைஜஷன் என்பது வடிகட்ட எளிதாக்குவதற்கு மட்டும் இல்லை, ஓரளவு தூய்மைப்படுத்தவும்தான். சூடு இருந்தால் கரைதிறன் கூடி இந்தப் பரிமாற்றம் வேகமாக நடக்கும். கொதித்தால் துள்ளித் தெறிக்கும், மாதிரி போய்விடும்.

அப்போ ஊத்துறதை வேகமா ஊத்திட்டு டைஜஷன்ல சரிபண்ணிக்கலாமே?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள்: பேரியம் சல்பேட்டை விழுந்த பிறகு சுத்தம் செய்வது மிகவும் கடினம். சாதாரணமாக மாசுபட்ட வீழ்படிவை அமிலத்தில் கரைத்து மறுபடி வீழ்த்துவோம். இது நீர்த்த அமிலங்களில் கரையாது. சூடான அடர் கந்தக அமிலத்தில் கரையும், காரத்தன்மை கொண்ட ஈடிடிஏ-வில் கரையும், சோடியம் கார்பனேட்டோடு உருக்கினால் மாறும். ஒவ்வொன்றும் தனி வேலை, தனிப் பிழை. எனவே மாசு உள்ளே போகாமல் தடுப்பது வீழ்த்தும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

வேகமாக ஊற்றினால் அந்தக் கணத்தில் கரைசல் அளவுக்கு மீறி மிகைநிறைவு அடையும். ஆயிரக்கணக்கான நுண்கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றி, ஒவ்வொன்றும் அவசரமாக வளரும். அவசரமாக வளரும் படிகம் பக்கத்தில் இருக்கும் அயனிகளையும் மூடிக்கொண்டே வளரும். சூடு, நீர்த்த நிலை, துளித்துளி, கலக்குதல், அமிலம் இவை எல்லாமே மிகைநிறைவைத் தாழ்த்துவதற்கான வழிகள். கலக்கும்போது கண்ணாடிக் குச்சியைச் சுவரில் உரசாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் படிவு ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க வராது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் எதுக்கு? கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதா?

அமிலம் இல்லாவிட்டால் பேரியம் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் கூடவே விழும். அமிலம் சற்று இருந்தால் கரைதிறன் கொஞ்சம் கூடி, மேலே சொன்னபடி படிகம் பெரிதாகும். மிகுந்தால் சல்பேட் ஒரு பகுதி பைசல்பேட்டாக மாறிக் கரைசலிலேயே தங்கி, எடை குறையும்.

சிமென்ட்டில் ஒரு கணக்கு கவனிக்க வேண்டும். 5 மி.லி. அடர் அமிலத்தில் ஏறக்குறைய 60 மில்லிமோல் இருக்கிறது. 1 கிராம் சிமென்ட்டின் சுண்ணாம்பே 22 மில்லிமோலைத் தின்றுவிடும். அலுமினியமும் இரும்பும் மேலும் கொஞ்சம் எடுக்கும். மீதி 250 மி.லி.யில் 0.1 மோலார் அளவில் நிற்கும். அந்த மீதிதான் வேலை செய்கிறது. "அமிலம் கொஞ்சம் கூட ஊத்தினேன், சுத்தமா இருக்கட்டும்னு" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

பேரியம் குளோரைடு கொஞ்சம் கூடுதலா ஊத்தினா சல்பேட் முழுக்க இறங்கும்தானே?

ஏற்கனவே தாராளமாகத்தான் ஊற்றுகிறோம். 3% SO₃ உள்ள 1 கிராம் மாதிரிக்குத் தேவையான பேரியம் குளோரைடு, 10% கரைசலில் 1 மி.லி.யை எட்டாது. நாம் விடுவது 10 மி.லி. இந்த மிகையே சல்பேட்டைக் கரைசலில் தங்கவிடாமல் இறக்கிவிடும். அதற்கு மேல் ஊற்றினால் படிகத்துக்குள் பேரியம் குளோரைடு மாட்டும் அளவு கூடும், எடை உயரும்.

முழுக்க இறங்கியதா என்று தெரிய வேண்டுமானால், படிவு அடங்கிய பின் மேலே தெளிந்த நீரில் சுவரோரமாக ஒரு துளி பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். துளி விழுந்த இடத்தில் புகை மாதிரி வெண்மை வரவில்லை என்றால் போதும். பேரியம் குளோரைடு நஞ்சு. பிப்பெட்டில் வாயால் உறிஞ்சாதீர்கள், மிஞ்சியதைக் கந்தக அமிலம் சேர்த்துச் சல்பேட்டாக்கிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.

வேற உப்பும் கூடவே மாட்டி விழுற உடன்வீழ்படிதல்னா எடை கூடும்தானே? ஆனா எனக்குக் குறைவா வருதே?

எது மாட்டியது என்பதைப் பொறுத்தது. பேரியம் குளோரைடோ பேரியம் நைட்ரேட்டோ மாட்டினால், வர வேண்டிய பேரியம் சல்பேட்டின் எடை அப்படியே இருக்க, மேல் எடை சேரும். அங்கே பிழை கூடுதல். ஆனால் சல்பேட் அயனி பேரியத்துக்குப் பதில் வேறு உலோகத்தோடு உள்ளே போனால், அந்த சல்பேட்டுக்கு உரிய கனமான பேரியத்தின் இடத்தில் இலேசான உலோகம் உட்கார்ந்திருக்கும். 233 இருக்க வேண்டிய இடத்தில் கால்சியம் சல்பேட்டாக 136, சோடியம் சல்பேட்டாக 142. எடை குறையும். அம்மோனியம் சல்பேட்டாகப் போனால் சுடும்போது ஆவியாகி ஒன்றுமே மிஞ்சாது.

எல்லாவற்றிலும் மோசம் ஃபெர்ரிக் இரும்பு. மூன்று சல்பேட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஃபெர்ரிக் சல்பேட் உள்ளே போகிறது. சுடும்போது SO₃ பறந்துவிட்டு 159.7 எடையுள்ள ஃபெர்ரிக் ஆக்சைடு மட்டும் மிஞ்சும். அந்த மூன்று சல்பேட்டுக்கும் நமக்கு வர வேண்டியது 700. சிமென்ட் மாதிரியில், மோல் கணக்கில், சல்பேட்டைப்போல 30 மடங்கு கால்சியம் இருக்கிறது. 3% ஃபெர்ரிக் ஆக்சைடு உள்ள சிமென்ட்டில் இரும்பு, சல்பேட் இரண்டும் மோல் கணக்கில் ஏறக்குறைய சமம். உங்கள் எடை குறைவது இயல்புதான்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கூடுதல் பிழையும் குறைவுப் பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான எண்ணைக் காட்டலாம். அறிக்கையோடு எண் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் முறை சரியாக நடந்தது என்று ஆகிவிடாது.

இரும்பு மாட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சா என்ன செய்றது?

சுட்ட பிறகு வெள்ளையாக இருக்க வேண்டிய படிவில் மஞ்சளோ செங்கல் சாயலோ தெரியும். இது எனக்கே நேர்ந்தது. உடைந்த சிவப்புப் பூக்கல்லின் மேலடுக்கைச் சுரண்டி எடுத்துச் சோதித்தேன். அந்த அடுக்கில் சிவப்பு ஆக்சைடு நிறமி கலந்திருக்கிறது என்பது தெரிந்தும், சிமென்ட் போலவே செய்துவிட்டேன். அமிலத்தில் கரைந்ததும் கரைசல் நல்ல மஞ்சள். அங்கேயே நின்றிருக்க வேண்டும். சுட்டு எடுத்தபோது புடக்குகையின் அடியில் வெளிறிய செம்மண் நிறத் தூள். இரண்டு நாள் வேலை போயிற்று.

சரிசெய்ய வேண்டியது வீழ்த்துவதற்கு முன்பே. வடிநீரில் ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து, மஞ்சள் மறையும் வரை சூடாக்கினால் ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸ் ஆகும். ஃபெர்ரஸ் வடிவம் மிகக் குறைவாகவே உள்ளே போகும். அமிலம் அதிகமாக இருந்தால் இந்த வினை மெதுவாகத்தான் நடக்கும், பொறுமை வேண்டும். இரும்பு மிக அதிகம் என்றால் அம்மோனியாவால் ஹைட்ராக்சைடாக வீழ்த்தி வடிகட்டலாம். அந்தப் பழுப்பு ஹைட்ராக்சைடும் சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அமிலத்தில் கரைத்து இன்னொருமுறை வீழ்த்தி, இரண்டு வடிநீரையும் சேர்க்க வேண்டும். பிறகு மீண்டும் அமிலமாக்கிய பின்தான் பேரியம் குளோரைடு. சாதாரணச் சாம்பல் நிற சிமென்ட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீர்த்த, சூடான, அமிலக் கரைசலில் மெதுவாக வீழ்த்தினாலே இரும்பின் பாதிப்பு சமாளிக்கும் அளவில் இருக்கும்.

நைட்ரிக் அமிலத்துல கரைச்சா வேகமா கரையுமே, அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். நைட்ரேட், பேரியம் சல்பேட்டோடு மிக எளிதில் உள்ளே போகும் அயனி, குளோரேட்டும் அப்படியே. ஏற்கனவே நைட்ரிக்கில் கரைத்துவிட்டால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து நீர்த்தொட்டி மேல் வறட்டி, மறுபடி அமிலம் விட்டு வறட்டுங்கள். நைட்ரேட் போய்விடும்.

வடிநீர் கலங்கலா வருது. தாள் சரியில்லையா?

பெரும்பாலும் தாள் சரி, டைஜஷன் போதவில்லை. வாட்மன் 42-க்குக் கீழான வேகத்தாள் போட்டிருந்தால் மாற்றுங்கள். தாள் சரியாக இருந்தும் கலங்கினால், வடிநீரையும் படிவையும் மீண்டும் ஒரே பீக்கரில் சேர்த்துச் சூட்டில் வைத்துவிட்டு நாளை வாருங்கள். சாம்பலற்ற வடிதாள் கூழ் சிறிது சேர்த்தால் நுண்துகளைப் பிடித்து நிறுத்தும்.

வடிகட்டும் ஒழுங்கும் முக்கியம். முதலில் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் குச்சி வழியாக இறக்குங்கள், படிவைக் கலக்காமல். தாளின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நீர்மட்டம் நிற்கட்டும்; இந்தப் படிவு தாளின் மேல் ஏறிப் படரும் குணம் உள்ளது. கடைசியில் பீக்கரின் உட்சுவரை ரப்பர் முனைக் குச்சியால் துடையுங்கள். சுவரில் ஒட்டிய பேரியம் சல்பேட் ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது. விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தால் மூடுபனி மாதிரி தெரியும்.

எவ்வளவு கழுவணும்? அதிகமா கழுவினா கரைஞ்சுடாதா?

பேரியம் சல்பேட் சாதாரண வெப்பநிலை நீரில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் அளவில்தான் கரையும், கொதிநீரில் 4 வரை போகலாம். அதற்கும் நீர் படிவோடு நெடுநேரம் நிற்க வேண்டும். 5 மி.லி. வெந்நீராகப் பத்து முறை கழுவினால் இழப்பு பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே 50 மி.லி.யை ஒரே முறை ஊற்றினால் இழப்பும் குறையாது, சுத்தமும் ஆகாது.

நிறுத்தும் இடம்: கடைசிக் கழுவல் நீர் சில துளிகளை எடுத்து நைட்ரிக் அமிலம் ஒரு துளி, வெள்ளி நைட்ரேட் ஒரு துளி. கலங்கல் வராவிட்டால் குளோரைடு போய்விட்டது. இது படிகத்தின் வெளியே ஒட்டியிருப்பது போனதற்குத்தான் சான்று. உள்ளே மாட்டியது கழுவலில் வராது.

சுட்ட பிறகு சாம்பல் நிறமா இருக்கு. இன்னும் சூடு ஏத்தலாமா?

சூடு ஏற்றுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். தாளைச் சரியாகக் கருக்காமல் நேரடியாக அதிகச் சூட்டில் வைத்தால், கரி பேரியம் சல்பேட்டைப் பேரியம் சல்பைடாக ஒடுக்கிவிடும், எடை குறையும். ஆறிய தூளில் ஒரு துகளை நீர்த்த அமிலத்தால் நனைத்தால் அழுகிய முட்டை வாசனை வரும்.

மீட்கலாம். ஆறவைத்து ஓரிரு துளி அடர் கந்தக அமிலம் விட்டு, புகை அடங்கும்வரை மெல்லச் சூடாக்கி, மறுபடி 800 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அப்படி வராமல் செய்வதே நல்லது. தாளை மடித்துப் புடக்குகையில் வைத்து, மூடியைச் சற்று விலக்கி, தாள் தீப்பிடிக்காமல் குறைந்த சூட்டில் கருக்குங்கள். தீப்பிடித்தால் காற்றோட்டத்தில் தூள் பறக்கும். கரி முழுக்க எரிந்து வெண்மையான பிறகே உலையின் சூட்டை ஏற்றுங்கள்.

நீங்க செய்த ஒரு கணக்கை அப்படியே காட்டுங்களேன்.

ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து வந்த ஒரு மூட்டையின் மாதிரி. எடுத்தது 1.0012 கிராம். வெற்றுப் புடக்குகை 21.4316, சுட்ட பின் 21.5128, வித்தியாசம் 0.0812. மாதிரி இல்லாமல் அதே அமிலம், அதே தாள், அதே நீரோடு செய்த வெற்றுச் சோதனையில் 0.0003 வந்தது. கழித்தால் 0.0809. பெருக்கி வகுத்தால் SO₃ 2.77%. சல்பேட் அயனியாக வேண்டுமென்றால் 34.3-க்குப் பதில் 41.16 வைத்துப் போடுங்கள், 3.33% வரும்.

1 மில்லிகிராம் எடைப் பிழை, SO₃-யில் 0.034% ஆகிறது. ஆகவே புடக்குகையை மீண்டும் சுட்டு ஆறவைத்து எடை பார்க்கும்போது 0.3 மில்லிகிராமுக்குள் நிலைக்கும் வரை விடாதீர்கள். சூடாறாத புடக்குகை தராசின் மேல் காற்றை எழுப்பி எடையைக் குறைத்துக் காட்டும். டெசிகேட்டரில் அரை மணி நேரம் கட்டாயம்.

ரெண்டு முறை செய்தேன், ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. அப்போ சரின்னு எடுத்துக்கலாமா?

இரண்டு முறையும் ஒரே கால்சியம், ஒரே இரும்பு, ஒரே கை. ஒரே பிழை இரண்டு முறையும் வரும். பொருந்துவது கை நிதானத்துக்குச் சான்று, சரியான விடைக்கு இல்லை. மேலே சொன்ன, பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் நிலையையும் மறக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உலர்த்திய தூய பொட்டாசியம் சல்பேட் 0.0600 கிராமும், சல்பேட் கலப்பில்லாத கால்சியம் கார்பனேட் 1.1 கிராமும் எடுங்கள். அந்தக் கார்பனேட், 1 கிராம் சிமென்ட்டிலுள்ள கால்சியத்தின் அளவைத் தரும். இரண்டையும் அதே 5 மி.லி. அமிலத்தில் கரைத்து, மாதிரியைப் போலவே முழுவதும் செய்யுங்கள். வர வேண்டியது 0.0804 கிராம் பேரியம் சல்பேட். குறைந்தால் உங்கள் கையில் கால்சியம் எவ்வளவு தின்கிறது என்பது எண்ணாகவே தெரியும். மெதுவாக ஊற்றி இன்னொருமுறை செய்தால் அந்த இடைவெளி குறைகிறதா என்றும் பார்க்கலாம்.

பூக்கல் மேல வெள்ளையா உப்புப் பூக்குதுங்க. சிமென்ட்ல சல்பேட் கூடினதாலதானா?

முதலில் அந்தப் பூப்பு சல்பேட்தானா என்று பார்ப்போம். சிறிது சுரண்டி எடுத்து அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் கால்சியம் கார்பனேட். சிமென்ட்டிலிருந்து வெளியே வந்த சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்தது. அதற்கும் சல்பேட்டுக்கும் சம்பந்தமில்லை. நுரைக்காமல் நீரில் எளிதில் கரைந்து, அமிலம் சேர்த்த பின்னும் பேரியம் குளோரைடுக்கு வெள்ளையாக விழுந்தால் சல்பேட் இருக்கிறது. அமிலம் சேர்க்காமல் பார்த்தால் கார்பனேட்டும் வெள்ளையாக விழுந்து ஏமாற்றும்.

சல்பேட் என்று உறுதியானாலும் அது சிமென்ட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது. கல்லை ஊறவைக்கும் தொட்டி நீர், மணல், கல் பதித்த தரைக்கு அடியில் உள்ள மண், எல்லாவற்றிலும் கரையும் சல்பேட் இருக்கலாம். சிமென்ட்டோடு தொட்டி நீர் ஒரு லிட்டரும், ஈரமில்லாத மணல் ஒரு பையும் கொண்டு வாருங்கள். நீரில் கால்சியமும் இரும்பும் குறைவு என்பதால் அந்தச் சோதனை சிமென்ட்டைவிட எளிது. சல்பேட் குறைவாக இருந்தால் அமிலம் சேர்த்து நீரை வற்றவைத்து அளவைக் குறைத்துக்கொண்டு, அதே பேரியம் குளோரைடு, அதே இரவுச் சூடு.